பக்கத்துத் தெருவுக்குப் போய்ச் சேரும் வீடியோ

உள்ளூர்க் கடைகளின் ரீல்ஸுக்கும் ஷார்ட்ஸுக்கும் ஹேஷ்டேகும் லொகேஷனும் தேர்ந்தெடுப்பது எப்படி?

திருச்சி கே.கே.நகரில் ஒரு தையல் கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆரி வேலை செய்த கல்யாண பிளவுஸ்தான் அங்கே விசேஷம். கடை நடத்தும் அம்மா ஒரு பிளவுஸ் கையில் ஜர்தோசியும் சுகர் பீட்ஸும் வைத்து மயில் போடுவதை அவருடைய மகள் 40 விநாடி வீடியோவாக எடுக்கிறாள். இன்ஸ்டாகிராமில் ரீல்ஸாகப் போடும்போது #viral, #trending, #reels, #explorepage, #love என்று கைக்கு வந்ததையெல்லாம் அடியில் சேர்க்கிறாள். வீடியோ நன்றாகவே ஓடுகிறது. மலேசியாவிலிருந்து ஒருவர் இதயம் போடுகிறார், சென்னையிலிருந்து ஒருவர் விலை கேட்கிறார், பெங்களூரிலிருந்து ஒருவர் கூரியர் உண்டா என்கிறார். ஆனால் கடைப் படியேறி அளவு பிளவுஸ் கொடுத்துவிட்டுப் போக ஒருவரும் வரவில்லை. அதே நேரத்தில் நாலு தெரு தள்ளி, எல்.ஐ.சி. காலனியில், மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் ஒருவர் அதே இன்ஸ்டாகிராமில் "aari work trichy" என்று தேடிக்கொண்டிருக்கிறார். அவருக்கு இந்த வீடியோ வரவே இல்லை.

வீடியோவில் குறை ஒன்றும் இல்லை. அது எந்த ஊர், என்ன வேலை என்பதை இன்ஸ்டாகிராமுக்கு யாரும் எழுத்தில் சொல்லவில்லை, அவ்வளவுதான். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸும், செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இங்கே வந்தன. அன்றிலிருந்து இன்றுவரை மளிகைக் கடை முதல் மரச்செக்கு எண்ணெய்க் கடை வரை குட்டி வீடியோ போடாத கடை குறைவு. எடுப்பதற்குச் செலவிடும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கைக்கூட அடியில் எழுதுவதற்குச் செலவிடுவதில்லை. உள்ளூர் வியாபாரத்துக்கு அந்த அடிவரிகள்தான் வழிகாட்டி.

மூன்று இடம், மூன்று வேலை

ஒரு வீடியோ இரண்டு வழிகளில் ஒருவரிடம் போய்ச் சேரும். ஒன்று, அவர் சும்மா விரலால் தள்ளிக்கொண்டிருக்கும்போது தானாக எதிரே வருவது. இதை முடிவு செய்வது பெரும்பாலும் பார்ப்பவர்களின் நடத்தை: எவ்வளவு நேரம் நின்று பார்த்தார்கள், யாருக்கு அனுப்பினார்கள் என்பதெல்லாம். ஹேஷ்டேகுக்கு இங்கே பெரிய பங்கு இல்லை. ஹேஷ்டேக் போட்டால் வியூஸ் கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரியே பலமுறை சொல்லிவிட்டார். ஹேஷ்டேகைப் பின்தொடரும் வசதியையும் 2024 டிசம்பரில் அந்த நிறுவனம் எடுத்துவிட்டது.

இரண்டாவது வழி, தேடல். ஒருவருக்கு ஒரு பொருள் வேண்டும், அவர் தேடும் பெட்டியில் எழுதுகிறார். அப்போது அவர் எழுதிய சொற்கள் எந்தக் கணக்கின் பெயரில், பயோவில், கேப்ஷனில், ஹேஷ்டேகில், இடப்பெயரில் இருக்கின்றன என்று இன்ஸ்டாகிராம் பொருத்திப் பார்க்கிறது. உள்ளூர்க் கடைக்கு உண்மையான வாடிக்கையாளர் வருவது இந்த வழியில்தான். வாங்கும் எண்ணம் இல்லாதவர் "aari work trichy" என்று எதற்காக எழுதப் போகிறார்?

ஆகவே ஹேஷ்டேகும் லொகேஷனும் வீடியோவை ஊரெல்லாம் பரப்பும் கருவிகள் அல்ல. தேடி வருபவருக்குக் கடையைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள். கூட்டம் எங்கே அதிகம் என்று பார்த்து ஹேஷ்டேக் எடுப்பவர் முதல் அடியிலேயே வழி மாறிவிடுகிறார். வாங்க நினைப்பவர் என்ன எழுதித் தேடுவார் என்று யோசித்து எடுக்க வேண்டும்.

எழுத இருக்கும் இடங்கள் மூன்று. லொகேஷன், கடை நிற்கும் இடத்தைச் சொல்வது. ஹேஷ்டேக், இன்ன பொருள், இன்ன ஊர் என்று சுருக்கமாகச் சொல்வது. கேப்ஷன், அதையே ஒரு மனிதர் படிக்கிற மாதிரி வாக்கியமாகச் சொல்வது. ஒன்று செய்யும் வேலையை இன்னொன்று முழுதாகச் செய்யாது. லொகேஷன் ஒன்றுதான் போட முடியும். ஹேஷ்டேகுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. மிச்சத்தைக் கேப்ஷன் தாங்க வேண்டும். ஹேஷ்டேகைக் கமெண்ட்டில் ஒளித்து வைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. தேடலில் வர வேண்டுமானால் கேப்ஷனிலேயே எழுதுங்கள் என்பதுதான் இன்ஸ்டாகிராம் தந்த அறிவுரை. கணக்கு ‘பிரைவேட்’ என்று இருந்தால் இதில் எதுவுமே பயன்படாது. அதை முதலில் மாற்றிவிட வேண்டும்.

வாடிக்கையாளர் எவ்வளவு தூரம் வருவார்?

ஹேஷ்டேக் தேடத் தொடங்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். உங்கள் கடைக்கு ஒருவர் எவ்வளவு தூரத்திலிருந்து புறப்பட்டு வருவார்? மொபைல் ரீசார்ஜ் கடைக்கு அடுத்த தெருவைத் தாண்டி ஆள் வராது. மாலை நேர பஜ்ஜிக் கடைக்கு இரண்டு கிலோமீட்டர் வரலாம். கல்யாண பிளவுஸ் தைக்க ஐம்பது கிலோமீட்டர்கூட வருவார்கள். ஏனென்றால் அது வாழ்க்கையில் ஒருமுறை தைப்பது, நாலைந்து ஆயிரம் செலவழிப்பது, நேரில் வந்து அளவும் நிறமும் பார்த்துக் கொடுக்க வேண்டியது.

நம்முடைய கே.கே.நகர் கடைக்கு இதை வைத்துப் பார்ப்போம். தினசரி பிளவுஸ், ஃபால்ஸ் அடிப்பது, சுடிதார் பிடிப்பது போன்ற வேலைக்கு கே.கே.நகர், எல்.ஐ.சி. காலனி, உடையான்பட்டி, சுந்தர் நகர் பக்கத்து ஆட்கள் வருவார்கள். தில்லை நகரிலிருந்து ஒருவர் ஃபால்ஸ் அடிக்க இங்கே வரமாட்டார். அங்கேயே பத்துக் கடை இருக்கிறது. ஆனால் ஆரி வேலைக்குத் தில்லை நகர், உறையூர், ஸ்ரீரங்கம், திருவெறும்பூர் எல்லாமே எட்டும் தூரம். புதுக்கோட்டையிலிருந்தும் மணப்பாறையிலிருந்தும்கூட வரலாம். ஆகவே ஒரே கடையின் இரண்டு வீடியோக்களுக்கு ஒரே ஹேஷ்டேக் பொருந்தாது. ஃபால்ஸ் வீடியோவுக்குப் பகுதியின் பெயர் முக்கியம். ஆரி வீடியோவுக்கு ஊரின் பெயர் முக்கியம்.

ஒருமுறை எழுதிய ஹேஷ்டேக் வரிசையை நோட்ஸில் சேமித்து எல்லா வீடியோவுக்கும் ஒட்டுவது எளிதுதான். ஆனால் அப்படி ஒட்டும்போது யூனிஃபார்ம் வீடியோவின் அடியிலும் ‘பிரைடல் பிளவுஸ்’ என்று நிற்கும். அதைத் தேடி வந்தவர் யூனிஃபார்மைப் பார்த்ததும் ஒரு நொடியில் தள்ளிவிட்டுப் போவார்.

ஊர்ப் பெயரில் ஒளிந்திருக்கும் சிக்கல்

பகுதியின் பெயரை அப்படியே ஹேஷ்டேகாக்கினால் என்ன ஆகும்? #kknagar என்று எழுதிப் பார்த்தால் புரியும். கே.கே.நகர் சென்னையிலும் உண்டு, மதுரையிலும் உண்டு, திருச்சியிலும் உண்டு. சென்னை கே.கே.நகரின் பிரியாணிக் கடைகளுக்கும் வாடகை வீட்டு விளம்பரங்களுக்கும் நடுவே திருச்சி தையல் கடை காணாமல் போய்விடும். அண்ணா நகர், காந்தி நகர், நேரு நகர் என்று பெயர் கொண்ட பகுதிகளில் கடை வைத்திருக்கும் எல்லோருக்கும் இதே சிக்கல்தான். பகுதியோடு ஊரையும் ஒட்டி #kknagartrichy என்று எழுதுவதே சரி.

அடுத்தது எழுத்துக்கூட்டு. அரசு ஆவணத்தில் திருச்சிராப்பள்ளி. ஆனால் தேடும் பெட்டியில் tiruchirappalli என்று முழுதாகத் தட்டுபவர் அரிது. trichy என்றுதான் தட்டுவார்கள். இப்படியே தூத்துக்குடிக்கு thoothukudi, tuticorin என்று இரண்டு வடிவம். தஞ்சாவூருக்கு thanjavur, tanjore. கோயம்புத்தூருக்கு coimbatore, kovai. திருநெல்வேலிக்கு tirunelveli, nellai. இதில் எது சரி என்று விவாதிக்க வேண்டாம். உங்கள் ஊர்க்காரர்கள் எதைத் தட்டுகிறார்கள் என்பதுதான் கேள்வி. அந்த வடிவத்தை ஹேஷ்டேகில் வையுங்கள். மற்ற வடிவத்தையும் தமிழ்ப் பெயரையும் கேப்ஷனில் ஒரு இடத்தில் எழுதிவிட்டால் இரண்டு பக்கமும் கவனித்தாகிவிட்டது.

இன்னொரு சின்னத் தவறு பெரிய நஷ்டம் தரும். ஹேஷ்டேகில் இடைவெளியோ புள்ளியோ இடைக்கோடோ வரக்கூடாது. #kk nagar என்று எழுதினால் அது #kk என்பதோடு முடிந்துவிடும். #k.k.nagar என்றால் வெறும் #k. தமிழில் ஹேஷ்டேக் எழுதும்போது சொல் முழுவதும் நிறம் மாறி இணைப்பாகிறதா என்று பதிவிட்டபின் ஒருமுறை பாருங்கள். பாதியில் நிறம் நின்றுவிட்டால் ஹேஷ்டேகும் அங்கேயே நின்றுவிட்டது என்று பொருள்.

ஐந்தே ஐந்து

இன்ஸ்டாகிராமில் நீண்ட காலம் ஒரு பதிவுக்கு 30 ஹேஷ்டேக் வரை போட முடிந்தது. 2021லேயே மூன்று முதல் ஐந்து போதும் என்று அந்த நிறுவனம் சொல்லத் தொடங்கியது. 2025 டிசம்பரில் ஐந்துதான் என்று வரம்பே அறிவித்துவிட்டது. #reels, #explore போன்ற பொத்தாம்பொதுவான ஹேஷ்டேக் உங்களை எக்ஸ்ப்ளோர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தாது என்றும் சேர்த்தே சொன்னது. ஐந்து இடங்கள்தான் இருக்கின்றன என்னும்போது அதில் ஒன்றை #viral என்பதற்குக் கொடுப்பது வீண்.

இப்போது அந்த மயில் பிளவுஸ் வீடியோவுக்கு ஐந்தையும் தேர்ந்தெடுப்போம்.

முதல் வேலை, சொற்களைச் சேகரிப்பது. அதற்கு மிக நல்ல இடம் கடையின் மேஜைதான். வருகிறவர்களிடம், "அக்கா, எங்க கடைய எப்படித் தேடிக் கண்டுபிடிச்சீங்க? போன்ல என்னன்னு போட்டீங்க?" என்று கேட்டு, அவர்கள் சொன்னதை அப்படியே ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். "ஆரி ஒர்க்னு போட்டேன்", "பிரைடல் பிளவுஸ் திருச்சின்னு போட்டேன்" என்று வரும் பதில்கள்தான் மூலப்பொருள். தையல்காரருக்கு அது ‘ஜர்தோசி கட் வொர்க்’ ஆக இருக்கலாம். வாடிக்கையாளருக்கு அந்தப் பெயர் தெரியாது, அதனால் தேடவும் மாட்டார்.

இரண்டாவது வேலை, அந்தச் சொற்களை ஒவ்வொன்றாக இன்ஸ்டாகிராம் தேடலில் தட்டிப் பார்ப்பது. தட்டும்போதே கீழே சில பரிந்துரைகள் விரியும். மற்றவர்கள் எப்படித் தேடுகிறார்கள் என்பதற்கு அது ஒரு குறிப்பு. ஹேஷ்டேகின் பக்கத்தைத் திறந்து மூன்று விஷயங்களைப் பாருங்கள். பதிவுகள் உங்கள் ஊரைச் சேர்ந்தவையா? உங்கள் பொருளைப் பற்றியவையா? அண்மையில் போட்டவை இருக்கின்றனவா, அல்லது மூன்று வருடமாக யாரும் எட்டிப் பார்க்காத பக்கமா? மூன்றுக்கும் ஆம் என்றால் எடுத்துக்கொள்ளலாம். பதிவுகள் லட்சக்கணக்கில் இருந்தால் உங்கள் வீடியோ அதில் ஒதுங்கிவிடும். சில நூறோ சில ஆயிரமோ இருந்தால் பார்ப்பவர் கண்ணில் பட வாய்ப்பு உண்டு.

இப்படிச் சலித்தால் நம் கடைக்குக் கிடைக்கும் வரிசை ஏறக்குறைய இது:

```
#aariworktrichy
#trichybridalblouse
#kknagartrichy
#aariworkblouse
#trichy
```

முதல் இரண்டும் பொருளையும் ஊரையும் ஒன்றாகச் சொல்பவை. வாங்க வருபவருக்கு மிக நெருக்கமானவை என்பதால் இரண்டு இடம். மூன்றாவது பகுதிக்கு. நான்காவது பொருளுக்கு மட்டும். அதன் பக்கம் மிகப் பெரியது, ஆனால் இந்த வீடியோ எதைப் பற்றியது என்பதைத் தெளிவாக்குகிறது. ஐந்தாவது ஊருக்கு மட்டும். ஃபால்ஸ் அடிக்கும் வீடியோவாக இருந்தால் பகுதிக்கு இரண்டு இடம் கொடுத்து, நான்காவதைத் தையல் கடை என்ற சொல்லுக்கு மாற்றலாம். ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தம் நெருங்கும்போதும், தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் ஒரு இடத்தைப் பருவத்துக்கு ஒதுக்கலாம். முகூர்த்தம் முடிந்தபின் அதை எடுத்துவிட மறக்கக் கூடாது.

ஹேஷ்டேகுக்கு மேலே கேப்ஷன் வர வேண்டும். அதில் முதல் வரிதான் திரையில் தெரியும், மற்றது மறைந்திருக்கும். ஆகவே "வாவ், சூப்பர் டிசைன்" என்று தொடங்காமல் இப்படி எழுதலாம்:

```
திருச்சி கே.கே.நகரில் ஆரி வொர்க் கல்யாண பிளவுஸ்.
மயில் டிசைன், ஜர்தோசி வேலை. தைத்துக் கொடுக்க 12 நாள் ஆகும்.
அளவு பிளவுஸுடன் நேரில் வரலாம். புதுக்கோட்டை, மணப்பாறையிலிருந்து
வருபவர்கள் வரும் முன் அழைக்கவும்.
Aari work bridal blouse, KK Nagar, Trichy (Tiruchirappalli).
```

கடைசி வரி ஆங்கில எழுத்தில் தேடுபவருக்காக. மற்றவை படிப்பவருக்காக. புதுக்கோட்டையும் மணப்பாறையும் ஹேஷ்டேகாக வராமல் வாக்கியத்தில் வந்திருப்பதைக் கவனியுங்கள். அங்கே கடை இல்லை, ஆனால் அங்கிருந்து வருபவர்கள் உண்டு. அந்த உண்மையை வாக்கியம்தான் சரியாகச் சொல்லும். #pudukkottai என்று போட்டால் புதுக்கோட்டையில் கடை இருப்பதாக நினைத்து வருபவர் ஏமாறுவார்.

கணக்கின் பெயரிலும் இதையே செய்ய வேண்டும். கடைப் பெயருக்குப் பக்கத்தில் ‘Aari Work, Trichy’ என்று சேர்ப்பது ஒருமுறை செய்யும் வேலை. ஒவ்வொரு தேடலிலும் அது உங்களுக்காக நிற்கும்.

லொகேஷன்: கடை நிற்கும் இடத்தையே சொல்லுங்கள்

வீடியோவைப் பதிவிடும் முன் வரும் பக்கத்தில் லொகேஷன் சேர்க்கும் வசதி இருக்கிறது. அங்கே trichy என்று தட்டினால் ஒரு நீண்ட பட்டியல் விரியும். அதே ஊர் மூன்று நான்கு எழுத்துக்கூட்டில் இருக்கும். யாரோ எப்போதோ விளையாட்டாக உருவாக்கிய இடங்களும் கலந்திருக்கும். முதலில் வருவதைத் தொட்டுவிடாதீர்கள். பதிவிட்டபின் அந்த இடப்பெயரைத் தொட்டால் ஒரு வரைபடம் திறக்கும். குண்டூசி உங்கள் பகுதியில் நிற்கிறதா என்று பாருங்கள். வேறெங்கோ நின்றால் பதிவைத் திருத்தி லொகேஷனை மாற்றிக்கொள்ளலாம். வீடியோவை அழித்து மறுபடி போடத் தேவையில்லை.

ஊர், பகுதி, கடை என்று மூன்று அளவுகளில் இடம் போடலாம். ஊரின் பக்கத்தில் ஒரு நாளைக்கு எத்தனையோ பதிவுகள் விழும். உங்கள் வீடியோ அங்கே நெடுநேரம் மேலே நிற்காது. பகுதியின் பக்கத்தில் கூட்டம் குறைவு, பார்ப்பவர்களும் அந்தப் பக்கத்து ஆட்கள். கடையின் சொந்த இடம் என்றால் அதைத் தொடுபவருக்கு உங்கள் வீடியோக்கள் எல்லாம் ஒரே இடத்தில் வரிசையாகக் கிடைக்கும். வழியும் கிடைக்கும். தெருவில் கடை வைத்திருப்பவர்கள் பெரும்பாலான வீடியோக்களுக்குக் கடையின் இடத்தையே போட்டு, ஊர்ப் பெயரைக் கேப்ஷனுக்கும் ஹேஷ்டேகுக்கும் விட்டுவிடுவது நல்லது. கடைக்கு இடம் இல்லை என்றால் பகுதியைப் போடலாம்.

கடையின் பெயரில் ஓர் இடத்தை இன்ஸ்டாகிராமுக்குள் உருவாக்க முடியாது. அதன் இடப்பட்டியல் ஃபேஸ்புக்கோடு இணைந்தது. ஃபேஸ்புக்கில் கடைக்கு ஒரு பக்கம் தொடங்கி, அதில் முழு முகவரியைக் கொடுத்து, வரைபடத்தில் குண்டூசியைச் சரியான வாசலில் வைக்க வேண்டும். அந்தப் பெயர் இன்ஸ்டாகிராம் பட்டியலில் வரச் சில நாட்கள் ஆகலாம். கூகுள் மேப்ஸில் கடையின் பெயர் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கூட்டு மாறாமல் அதே பெயரை இங்கேயும் வையுங்கள். ரீல்ஸில் பார்த்த பெயரை மேப்ஸில் தட்டி வருபவர்தான் அதிகம். இரண்டும் வேறாக இருந்தால் அவர் பாதி வழியில் நின்றுவிடுவார்.

கூட்டம் இருக்கும் இடத்தின் பெயரைப் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். திருச்சியில் என்றால் ஸ்ரீரங்கம் ரங்கநாதர் கோயிலும் மலைக்கோட்டையும்தான். அந்தப் பக்கங்களைத் திறப்பவர் யார்? கோயிலுக்குப் போகத் திட்டமிடும் வெளியூர்க்காரர், போய் வந்த யாத்ரீகர். அவர்களுக்கு பிளவுஸ் வேண்டாம். கடை அங்கே இல்லை என்பதால் அது பொய்யும் ஆகிறது. பார்த்தவர் கமெண்ட்டில் "ஸ்ரீரங்கத்துல எங்க இருக்கு?" என்று கேட்டால், இல்லை என்று சொல்ல வேண்டிவரும். அந்த இடத்தில் நம்பிக்கை போய்விடுகிறது.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. ஆரி வேலை, வீட்டு மாவு, ஊறுகாய், கேக் போன்ற தொழில்களை வீட்டிலிருந்தே நடத்தும் பெண்கள் ஏராளம். அவர்கள் வீட்டு வாசலை லொகேஷனாகப் போடவே கூடாது. பகுதியின் பெயர் போதும். ஆர்டர் உறுதியானபின், பேசிப் பார்த்து நம்பிக்கை வந்தபின், முகவரியைத் தனியாகக் கொடுக்கலாம். வீடியோவின் பின்னணியில் கதவு எண், தெருப் பலகை, பிள்ளைகளின் பள்ளிச் சீருடை தெரிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். லொகேஷனில் மறைத்ததைப் படம் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது.

யூடியூப் ஷார்ட்ஸில் தலைப்புதான் முதலில்

அதே வீடியோவை யூடியூப் ஷார்ட்ஸிலும் போடலாம். ஆனால் அடிவரிகளை அப்படியே நகலெடுக்கக் கூடாது. யூடியூபில் தேடலுக்கு முதன்மையான இடம் தலைப்பு. 100 எழுத்துக்குள் பொருளும் ஊரும் அதில் வந்துவிட வேண்டும். "ஆரி வொர்க் மயில் பிளவுஸ், திருச்சி கே.கே.நகர் | Aari Work Trichy" என்பது போல. விளக்கத்தில் எத்தனையோ ஹேஷ்டேக் போட இடம் இருந்தாலும் மூன்று வரைதான் தலைப்பருகே காட்டப்படும். 60க்கு மேல் போனால் எல்லாவற்றையுமே யூடியூப் புறக்கணித்துவிடும். வீடியோவுக்குச் சம்பந்தமில்லாத ஹேஷ்டேக் போட்டால் வீடியோவே நீக்கப்படலாம் என்பதும் அதன் விதிகளில் உண்டு. ஆகவே #aariworktrichy, #trichybridalblouse, #kknagartrichy என்று மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யூடியூப் ஸ்டுடியோவில் வீடியோ விவரங்களைத் திறந்து கீழே போனால், படம்பிடித்த தேதியும் இடமும் குறிக்கும் பகுதி இருக்கிறது. இடத்தை அங்கே நிரப்பலாம்.

இரண்டு தளத்துக்கும் பொதுவான ஒன்று: ஊர்ப் பெயரை எழுதினால் மட்டும் போதாது, வாயாலும் சொல்லுங்கள். முதல் மூன்று நான்கு விநாடிக்குள் "நம்ம திருச்சி கே.கே.நகர்ல" என்று குரல் வரட்டும், திரையிலும் எழுத்து வரட்டும். விரலால் தள்ளிக்கொண்டே போகும் திருச்சிக்காரர் தன் பகுதியின் பெயர் காதில் விழுந்ததும் நின்றுவிடுவார். மற்ற ஊர்க்காரர் கடந்து போவார். போகட்டும், அவர் வாடிக்கையாளர் அல்ல.

பலன் தெரிகிறதா என்று எப்படி அறிவது?

மொத்த வியூஸைப் பார்த்து மகிழ்வதும் வருந்துவதும் உள்ளூர்க் கடைக்குப் பயன்படாது. எந்த ஊரிலிருந்து பார்த்தார்கள் என்பதுதான் கணக்கு. இன்ஸ்டாகிராம் கணக்கை ‘ப்ரொஃபஷனல்’ என்று மாற்றினால் இன்சைட்ஸ் என்ற பகுதி திறக்கும். அதில் பார்வையாளர்கள் எந்தெந்த நகரங்களைச் சேர்ந்தவர்கள் என்று காட்டும். முதலிடத்தில் சென்னையோ பெங்களூரோ இருந்து, சில வாரங்களில் திருச்சி மேலே ஏறினால் வழி சரி. மொத்த வியூஸ் குறைந்தும் திருச்சியின் பங்கு கூடினால் அதுவும் முன்னேற்றமே. ப்ரொஃபைலில் முகவரி கொடுத்திருந்தால் அதை எத்தனை பேர் தொட்டார்கள் என்ற எண்ணும் கிடைக்கும். யூடியூப் ஸ்டுடியோவில், பார்வையாளர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்ற பகுதியில் தேடல் வழி எத்தனை, ஹேஷ்டேக் பக்கம் வழி எத்தனை என்று தனித்தனியாகத் தெரியும். தேடியவர்கள் தட்டிய சொற்களும் அங்கே இருக்கும். அடுத்த வீடியோவின் தலைப்புக்கு அதைவிட நல்ல மூலம் இல்லை.

ஒரு நாளில் முடிவு கட்ட வேண்டாம். தேடலில் வரும் பார்வைகள் மெதுவாகத்தான் சேரும். ஒரே மாதிரியான வீடியோக்களுக்கு ஒரு மாதம் ஒரே விதமான ஹேஷ்டேகை வைத்துப் பார்த்து, அடுத்த மாதம் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். லொகேஷன், ஹேஷ்டேக், கேப்ஷன் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் ஓர் எல்லை உண்டு. கே.கே.நகரில் இந்த வாரம் ஆரி வேலை தேடுபவர்கள் பத்துப் பேர்தான் என்றால், எந்த ஹேஷ்டேகும் அதைப் பதினொன்றாக்காது. கடை திறப்பு விழா, ஆடித் தள்ளுபடி போல, தேடாதவர்களிடமும் இரண்டு நாளில் செய்தி போய்ச் சேர வேண்டுமானால், கடையைச் சுற்றிச் சில கிலோமீட்டர் வட்டம் வரைந்து அதற்குள் மட்டும் காட்டும் கட்டண விளம்பரமே வழி. அன்றாட வியாபாரத்துக்கு அந்தச் செலவு தேவையில்லை.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். வேறொருவர் போனை வாங்கி, உங்கள் பொருளின் பெயரையும் ஊரின் பெயரையும் தட்டுங்கள். உங்கள் கடை வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் புதிய வீடியோ எடுக்க ஓடாதீர்கள். ஏற்கெனவே போட்ட வீடியோக்களில் நன்றாக வந்த ஐந்தைத் திறந்து, கேப்ஷனின் முதல் வரியில் ஊரையும் பொருளையும் எழுதி, #viral இருந்த இடத்தில் உங்கள் பகுதியின் பெயரைப் போட்டு, லொகேஷனைச் சரிபாருங்கள். அரை மணி நேர வேலை, செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.